கால்பங்கு சலுகை கிடைத்த பிறகும் ஏன் 65,500?

கேள்வி: என் மகளின் பள்ளியில் இந்த வருடக் கட்டணம் மொத்தம் 72,000. விண்ணப்பம் போட்டு 25 சதவீதச் சலுகை வாங்கினேன், மூன்று தவணையாகக் கட்டவும் அனுமதி கிடைத்தது. கால்பங்கு கழிந்தால் 54,000 தானே வர வேண்டும்? ஆனால் மூன்று சீட்டையும் கூட்டினால் 65,500 வருகிறது. முதல் தவணை 32,500 கட்டியாகிவிட்டது. கவுன்ட்டரில் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது" என்கிறார்கள். "11,500 அதிகமாக வாங்குகிறீர்கள், திருப்பித் தாருங்கள்" என்று பள்ளி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? சீட்டுகளையும் சலுகைக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் அது 11,500க்கு இல்லை, 4,000க்குத்தான். 11,500 என்று எழுதினால் அந்த 4,000மும் கைநழுவிப் போகும். எப்படி என்று சொல்கிறேன். பள்ளிக் கணக்குப் பிரிவில் இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், உங்கள் கடிதம் அந்த மேசைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கிளார்க் சலுகைக் கடிதத்தை எடுப்பார், "சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டுமே, மொத்தத் தொகைக்கு இல்லை" என்று ஒரு வரி எழுதுவார், ஃபைலை மூடிவிடுவார். அவர் எழுதியது பொய்யும் இல்லை. உங்கள் கேள்வியில் இருந்த பெரிய தவறுக்குப் பதில் சொல்லிவிட்டார், அதற்குள் ஒளிந்திருந்த சின்ன உண்மையை அவர் தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதனால் முதலில் அந்த 11,500ஐ உடைக்க வேண்டும். அது ஒரே காரணத்தால் வந்த வித்தியாசம் இல்லை, மூன்று வேறு வேறு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய சலுகைக் கடிதத்தின் இரண்டாவது வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "இந்தக் கல்வியாண்டுக்கான டியூஷன் ஃபீஸில் 25 சதவீதம்" என்று இருக்கிறது. உங்கள் 72,000ல் டியூஷன் ஃபீஸ் 48,000 மட்டும்தான். மீதி 24,000 என்பது ஆண்டுக் கட்டணம் 6,000, ஆய்வகம் 2,400, புத்தகம் நோட்டு 3,600, வேன் 12,000. சலுகை என்பது பெரும்பாலும் டியூஷன் ஃபீஸோடு நின்றுவிடும், ஏனென்றால் அதுதான் பள்ளி தன் கையிலிருந்து விட்டுக்கொடுக்கக்கூடிய பணம். புத்தகத்துக்கும் வேனுக்கும் பள்ளி வெளியே யாருக்காவது கொடுத்தாக வேண்டும், அதில் குறைத்தால் குறைத்ததைத் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். ஆக, உங்களுக்குக் கிடைத்த சலுகை 48,000ல் கால்பங்கு, அதாவது 12,000. சலுகைக்குப் பிறகு கட்ட வேண்டியது 60,000. நீங்கள் எதிர்பார்த்த 54,000க்கும் இதற்கும் உள்ள 6,000 வித்தியாசத்தில் அலுவலகத்தின் தவறு எதுவும் இல்லை. இதை விட்டுவிடுங்கள், கடிதத்தில் தொடக்கூட வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் கீழே சின்னதாக "தவணை வசதி 500" என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று சீட்டுக்கு 1,500. ஒரே தடவையில் கட்டாமல் பிரித்துக் கட்டுவதற்காக வாங்கும் தொகை இது. இது சரியா தவறா என்பதை உங்கள் சீட்டை வைத்து என்னால் சொல்ல முடியாது, அதைத் தீர்மானிப்பது வேறொரு காகிதம்: தவணை கேட்டு நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம், அல்லது வருட ஆரம்பத்தில் வந்த கட்டணச் சுற்றறிக்கை. அதில் இந்த 500 எழுதியிருந்தால் பேச ஒன்றும் இல்லை. எழுதவில்லை என்றால், அல்லது "இரண்டாம் தவணை முதல்" என்று எழுதியிருந்தால் (முதல் தவணையை எல்லோரும் அந்தத் தேதியில்தான் கட்டுகிறார்கள் என்பதால் அதற்கு மட்டும் வாங்காமல் விடுவது உண்டு), அப்போது கேட்கலாம். நீங்கள் அந்தப் படிவத்தை இணைக்கவில்லை, கையில் நகல் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் இதைக் குற்றச்சாட்டாக வைக்காமல் கேள்வியாக வையுங்கள்.

6,000மும் 1,500ம் சேர்ந்து 7,500. 11,500ல் இது போக மிச்சம் 4,000. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மூன்று சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், டியூஷன் ஃபீஸ் என்ற ஒரு வரியை மட்டும் மூன்றிலும் பாருங்கள். முதல் சீட்டில் 16,000. இரண்டாவதில் 12,000. மூன்றாவதில் 12,000. 48,000ஐ மூன்றாகப் பிரித்தால் தவணைக்கு 16,000, அதில் கால்பங்கு கழித்தால் 12,000. அதாவது இரண்டாம், மூன்றாம் தவணைகளில் சலுகை ஏறியிருக்கிறது, முதல் தவணையில் ஏறவே இல்லை. 12,000 கிடைக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 8,000தான் கிடைத்திருக்கிறது.

முதல் சீட்டு 32,500 என்று பெரியதாக இருப்பதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வராததற்கும் காரணம் உண்டு. ஆண்டுக் கட்டணம், ஆய்வகம், புத்தகம் எல்லாம் முழுசாக முதல் தவணையிலேயே சேர்ந்துவிடும், வேன் மட்டும் தவணைக்கு 4,000 என்று பிரியும். எனவே முதல் தவணை எப்போதுமே பெரியதாகத்தான் இருக்கும், அந்தப் பெரிய தொகைக்குள் ஒரு 4,000 கூடுதலாக உட்கார்ந்திருந்தால் வெளியே தெரியாது. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் கண்ணில் படாத தவறு, ஒரே இனத்தைத் தவணைக்குத் தவணை ஒப்பிட்டால் உடனே பட்டுவிடும்.

ஏன் இப்படி ஆனது? தேதிகளைப் பாருங்கள். முதல் தவணைச் சீட்டு அச்சானது 3ஆம் தேதி. சலுகைக் கடிதத்தில் கையெழுத்தானது அதே மாதம் 17ஆம் தேதி. நீங்கள் முதல் தவணை கட்டியது 10ஆம் தேதி. கட்டண சாஃப்ட்வேரில் ஒரு மாணவிக்குச் சலுகை பதிவானால், அதன் பிறகு உருவாகும் சீட்டுகளில் அது தானாகக் கழியும். ஏற்கெனவே உருவான சீட்டை அது தானாகத் திருத்தாது. சீட்டு உருவாகி இன்னும் பணம் கட்டவில்லை என்றால் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம். ஆனால் பணம் கட்டி ரசீதும் போட்டாகிவிட்டால் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும், யாரும் பின்னால் போய் ரசீதுத் தொகையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த பூட்டு அது. இப்போது அதைச் சரிசெய்ய ஒரே வழி, கணக்கர் தனியாக ஒரு சரிக்கட்டுப் பதிவு போட வேண்டும், அதற்கு மேலே யாராவது ஒப்புதல் தர வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அந்த அனுமதியே இருக்காது. "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது" என்று அவர் சொன்னதில் மழுப்பல் ஒன்றும் இல்லை, அவர் திரையில் உண்மையாகவே அப்படித்தான் வரும். அவரிடம் இன்னும் நாலு முறை கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும், கோபப்பட்டால் உங்களுக்கு இரத்தக் கொதிப்பு ஏறுமே தவிர தொகை இறங்காது.

உங்கள் வாதம் நிற்பது சலுகைக் கடிதத்தில் உள்ள "இந்தக் கல்வியாண்டுக்கான" என்ற சொல்லின் மேல். கல்வியாண்டு என்றால் மூன்று தவணையும் சேர்ந்ததுதான், கையெழுத்தான தேதி எதுவாக இருந்தாலும். அந்த இடத்தில் "இந்தத் தேதி முதல்" என்றோ "இனி வரும் தவணைகளுக்கு" என்றோ எழுதியிருந்தால், நான் உங்களிடம் விட்டுவிடச் சொல்லியிருப்பேன், அப்போது அலுவலகம் செய்தது சரியாகிவிடும். இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்கள் தங்கள் கடிதத்தில் இந்த ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

சரி, இப்போது கணக்கு என்ன? சலுகைக்குப் பிறகு 60,000, தவணை வசதி 1,500 (அது சரியென்றே இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்), ஆக மொத்தம் 61,500. கட்டியது 32,500. பாக்கி 29,000. அலுவலகம் கேட்கும் பாக்கி 16,500 வீதம் இரண்டு தவணை, 33,000. வித்தியாசம் 4,000. கடிதத்தில் நீங்கள் கேட்க வேண்டிய தொகை இந்த 4,000 மட்டும்தான்.

இன்னொன்று, "திருப்பித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவது என்றால் பள்ளிக்கு அது தனி வேலை, வவுச்சர், காசோலை, இரண்டு கையெழுத்து, அப்புறம் ஆடிட்டருக்கு ஒரு விளக்கம். அடுத்த தவணையில் கழித்துக்கொள்வது ஒரே ஒரு பதிவு. இரண்டிலும் உங்களுக்குக் கிடைப்பது அதே 4,000, ஆனால் இரண்டாவதற்கு அவர்கள் சட்டென்று சம்மதிப்பார்கள். இரண்டு தவணை இன்னும் மீதி இருக்கிறது என்பது இப்போது உங்களுக்குச் சாதகம். மூன்றாம் தவணையும் கட்டி முடித்த பிறகு கேட்டால் கழிக்க எதுவும் மிஞ்சாது, அப்போது திருப்பித் தருவது ஒன்றுதான் வழி.

கடிதத்தை இப்படி எழுதுங்கள். கவுன்ட்டருக்கு எழுதாமல் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள், தலைமையாசிரியருக்கு ஒரு நகல் என்று கீழே போடுங்கள், ஏனென்றால் ஒப்புதல் அங்கிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

"கணக்குப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

பொருள்: சலுகைக்குப் பிந்தைய கட்டணத்தில் முதல் தவணையைச் சரிக்கட்டக் கோருதல்.

வணக்கம். என் மகள் (பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண்) இந்தக் கல்வியாண்டுக்கான டியூஷன் ஃபீஸில் 25 சதவீதச் சலுகை பெற்றிருக்கிறார். 17ஆம் தேதியிட்ட சலுகைக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

இந்த ஆண்டின் டியூஷன் ஃபீஸ் 48,000. இதில் சலுகை 12,000. இரண்டாம், மூன்றாம் தவணைச் சீட்டுகளில் டியூஷன் ஃபீஸ் 16,000க்குப் பதில் 12,000 என்று குறைந்துள்ளது. முதல் தவணைச் சீட்டு சலுகைக் கடிதத்துக்கு முன்பே தயாரானதால் அதில் 16,000 என்றே உள்ளது, அந்தத் தொகையை முழுமையாகச் செலுத்திவிட்டேன். எனவே 12,000 சலுகையில் இதுவரை 8,000 மட்டுமே கணக்கில் வந்துள்ளது, 4,000 வரவில்லை.

இந்த 4,000ஐ இரண்டாம் தவணையில் கழித்து, 16,500க்குப் பதில் 12,500க்குத் திருத்திய சீட்டு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், ஒவ்வொரு தவணையிலும் உள்ள தவணை வசதிக் கட்டணம் 500 எந்தச் சுற்றறிக்கையின்படி வசூலிக்கப்படுகிறது என்பதைத் தெரிவித்து, அதன் நகல் ஒன்றையும் தந்தால் உதவியாக இருக்கும்.

இரண்டாம் தவணைக்கான கடைசித் தேதிக்கு முன் பதில் கிடைத்தால் உரிய நாளில் கட்ட வசதியாக இருக்கும்.

இணைப்பு: சலுகைக் கடிதம், மூன்று தவணைச் சீட்டுகள், முதல் தவணை ரசீது."

இவ்வளவுதான். 72,000 என்ற எண்ணே இதில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள், 54,000மும் வரவில்லை. மொத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே சலுகை எதற்கு, எதற்கு இல்லை என்ற பழைய விவாதத்துக்குள் போய்விடும். குடும்ப நிலைமை, மகளின் மதிப்பெண், போன வருடம் நடந்தது எதுவும் வேண்டாம், அதெல்லாம் சலுகை கேட்கும் விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை, சலுகைதான் கிடைத்துவிட்டதே. 500ஐப் பற்றிய கேள்வியைத் தனிப் பத்தியாக வைத்ததும் காரணத்தோடுதான், அதற்குப் பதில் தேட நேரமானால் 4,000 அதோடு சேர்ந்து காத்திருக்கக் கூடாது.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஈமெயிலில் அனுப்பினால் அதுவே சாட்சி, ஆனால் இணைப்புகளை ஃபோட்டோவாகப் பத்து தனித் தனி ஃபைலாக அனுப்பாமல் ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள். சலுகைக் கடிதம் மேலே, சீட்டுகள் தவணை வரிசையில், ரசீது கடைசியில். பார்ப்பவர் மூன்று பக்கம் திருப்புவதற்குள் தவறு அவருக்கே தெரிந்துவிட வேண்டும்.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாவது கொடுத்துவிடுங்கள். அதற்குள் பதில் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "எனக்கு 12,500தான் கணக்கு, அதை மட்டும் கட்டுவேன்" என்று கட்டினால், சாஃப்ட்வேருக்கு உங்கள் கடிதம் தெரியாது, அது 4,000 பாக்கி என்று காட்டும், கடைசித் தேதி தாண்டியதும் தாமதக் கட்டணம் ஏற ஆரம்பிக்கும். அதைவிட மோசம், அடுத்த முறை நீங்கள் கட்டும் பணம் முதலில் தாமதக் கட்டணத்துக்கும் பழைய பாக்கிக்கும் போகும்படி பல சாஃப்ட்வேர்களில் அமைத்திருப்பார்கள், அப்புறம் மூன்றாம் தவணையும் குறைவாகக் கட்டியதாகத் தெரியும். சுத்தமாக இருந்த ஒரு 4,000 கணக்கு, மூன்று மாதத்தில் யாராலும் பிரிக்க முடியாத சிக்கலாகிவிடும். அதனால் பதில் வராவிட்டால் 16,500ஐ முழுசாகக் கட்டிவிடுங்கள், கட்டிய அன்றே "முந்தைய கடிதத்தில் கேட்ட 4,000ஐ மூன்றாம் தவணையில் கழிக்கவும், இந்தத் தொகையை எதிர்ப்பின்றி ஏற்றதாகக் கருத வேண்டாம்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கையில் பணம் இறுக்கமாக இருந்து 16,500 கட்ட முடியாது என்றால், 12,500 கட்டுவதற்கு முன்பே தாமதக் கட்டணம் போடமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் சாஃப்ட்வேருக்குள் போகாது.

பதில் "திருத்திவிட்டோம்" என்று வந்தால் திருத்தம் எந்த வடிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் தவணையில் டியூஷன் ஃபீஸ் 8,000 என்று குறைந்திருக்கலாம், அல்லது 12,000 அப்படியே இருந்து கீழே "சலுகைச் சரிக்கட்டு 4,000" என்று தனி வரியாகக் கழிந்திருக்கலாம். இரண்டும் சரிதான், எனக்குப் பிடித்தது இரண்டாவது, ஏனென்றால் காரணம் சீட்டிலேயே எழுதியிருக்கும். "முன்பணம் 4,000" என்று வந்தால் மட்டும் விடாதீர்கள். முன்பணம் என்று போட்டால் நீங்கள் ஏதோ கூடுதலாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், சலுகைப் பதிவு இன்னும் 8,000லேயே நிற்கும், வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது டியூஷன் ஃபீஸில் 4,000 பாக்கி என்று எங்காவது தலைகாட்டும்.

மூன்றாம் தவணை கட்டியதும் கணக்குப் பிரிவில் மாணவியின் லெட்ஜர் பிரதி ஒன்று கேளுங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும், கேட்டால் அச்செடுத்துத் தருவார்கள். அதில் சலுகை என்ற இடத்தில் 12,000 இருக்க வேண்டும், கட்டிய மொத்தம் 61,500 (500 விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாக வந்தால் அதற்கேற்பக் குறைவு), மீதி என்ற இடத்தில் 0. மீதியில் வேறு எந்த எண் இருந்தாலும் அன்றைக்கே கேளுங்கள். அடுத்த வருட முதல் சீட்டில் "பழைய பாக்கி" என்று வந்த பிறகு கேட்டால், இந்த வருடச் சலுகை ஃபைலைத் தேடி எடுக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.